தில்லைநகரில் எழுதி வாங்கிய சீட்டு: சில்டெனாஃபிலா, டடாலாஃபிலா?

இந்த முறை லண்டனிலிருந்து திருச்சிக்குப் போனபோது பல், கண் பரிசோதனையோடு சேர்த்து, ரொம்ப நாளாகத் தள்ளிப்போட்டு வந்த விறைப்புக் குறைபாட்டுக்கும் வைத்தியம் பார்த்துக்கொண்டேன். எனக்கு வயது 56. சுகரும் பிரஷரும் உண்டு.

முதலில் ஒரு மருந்துக்கடையில் விசாரித்தேன். இந்தியாவில் விறைப்புக்கான சில்டெனாஃபில், டடாலாஃபில் மாத்திரைகளுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். ஆனால் கவுன்டரில் இருந்த பையன் கேட்டது, "ஐம்பதா சார், நூறா?" என்பது மட்டும்தான். அவன் நீட்டிய அட்டையைத் திருப்பிப் படித்தால், சில்டெனாஃபிலோடு டேபாக்செட்டின் 30 மி.கி. கலந்திருந்தது. அது விந்து முந்துவதற்கான மருந்து. எனக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, தலைசுற்றி மயக்கம் போடவும் வைக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டேன். இரண்டும் கலந்த அட்டைகள் இங்கே சாதாரணமாகக் கிடைக்கின்றன. பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள். லண்டனில் 50 மி.கி. சில்டெனாஃபிலைச் சீட்டில்லாமல் வாங்கலாம் என்றாலும், இதய நோய், மற்ற மருந்துகள் பற்றியெல்லாம் மருந்தாளர் கேட்ட பிறகுதான் தருவார்.

தில்லைநகரில் யூராலஜிஸ்ட் ஒருவரைப் பார்த்தேன். "மாடிப்படி ரெண்டு மாடி ஏறினா நெஞ்சு அடைக்குதா சார்? நாக்குக்கு அடியில வைக்கிற சார்பிட்ரேட் மாதிரி ஏதாவது உண்டா?" என்றுதான் ஆரம்பித்தார். அந்த வகை நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு இரண்டு மாத்திரையுமே ஆகாது. பிரஷர் அபாயமான அளவுக்கு இறங்கிவிடும். ஈ.சி.ஜி., சுகர், கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனில் புராஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருந்தது. ராத்திரியில் மூன்று தடவை எழுந்து சிறுநீர் கழிக்கப் போவதற்குக் காரணம் அதுதான்.

இரண்டு மருந்துகளும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ஆசை எழுந்தால்தான் வேலை செய்யும், தானாக விறைப்பைக் கொண்டுவராது. வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. சில்டெனாஃபிலைச் சுமார் ஒரு மணி நேரம் முன்னால் போடவேண்டும். நாலைந்து மணி நேரம் பலன் இருக்கும். கல்யாண விருந்தில் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒரு மணி நேரம் தாமதமாகும், வீரியமும் குறையும். "மாத்திரை கேட்கலை"ன்னு வர்றவங்கள்ல நிறையப் பேர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டவர்கள்தான் என்றார் டாக்டர். டடாலாஃபிலுக்குச் சாப்பாடு ஒரு தடையில்லை, பலனும் 36 மணி நேரம் வரை நிற்கும். வெள்ளி இரவு போட்டால் ஞாயிறு காலை வரை கடிகாரம் பார்க்க வேண்டாம்.

அந்த நீளத்துக்கு ஒரு விலை உண்டு. தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் இரண்டிலும் வரும். சில்டெனாஃபிலில் சிலருக்குப் பார்வை லேசாக நீலம் பூத்துத் தெரியும். மருந்தின் வேகம் தீரும்போது அதுவும் போய்விடும். டடாலாஃபிலில் மறுநாள் முதுகும் தொடையும் வலிக்கலாம், அது இரண்டு நாள் வரை நீடிக்கும். இதைவிட முக்கியமானது: நெஞ்சுவலி வந்தால், சில்டெனாஃபில் போட்டவருக்கு 24 மணி நேரமும் டடாலாஃபில் போட்டவருக்கு 48 மணி நேரமும் நைட்ரேட் தரக்கூடாது. எப்போது போட்டோம் என்று ஆம்புலன்ஸில் ஏறியதுமே சொல்லிவிட வேண்டும். வெட்கப்படும் இடம் அதுவல்ல. விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல் இறங்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.

எனக்கு எழுதிக் கொடுத்தது டடாலாஃபில் 5 மி.கி., தினமும் ஒன்று, ஒரே நேரத்தில். தினசரி அளவு நாலைந்து நாளில் உடம்பில் நிலைபெற்றுவிடும். அதன் பிறகு 'முன்னால் போடணுமே' என்ற கணக்கே கிடையாது. இந்த 5 மி.கி. புராஸ்டேட் தொந்தரவுக்கும் அங்கீகரிக்கப்பட்ட அளவு என்பதுதான் என் விஷயத்தில் தீர்மானித்தது. புராஸ்டேட்டுக்கு ஏற்கெனவே டாம்சுலோசின் எடுப்பவர்கள் மட்டும் தாங்களாக இதைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது. எழுந்து நிற்கும்போது பிரஷர் விழும். சிறுநீரகம் ரொம்பப் பழுதானவர்களுக்கும் தினசரி முறை ஆகாது. கிரியாட்டினின் பார்க்கச் சொன்னது அதற்காகத்தான்.

செலவைப் பார்ப்போம். நான் விசாரித்த கடையில் சில்டெனாஃபில் 50 ஒன்று சுமார் 30 ரூபாய், டடாலாஃபில் 5 ஒன்று சுமார் 15 ரூபாய். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாதம் நாலு தடவை என்றால் சில்டெனாஃபிலுக்கு 120 ரூபாய். தினசரி முறைக்கு 450 ஆகிறது. புராஸ்டேட் தொந்தரவு இல்லாமல், எப்போதாவது மட்டும் தேவைப்படும் ஒருவருக்கு நான் சில்டெனாஃபிலைத்தான் சொல்வேன்.

லண்டன் திரும்பியதும் டாக்டர் சீட்டை என் குடும்ப டாக்டரான ஜி.பி.யிடம் காட்டி, என் மருந்துப் பட்டியலில் டடாலாஃபிலைச் சேர்க்கச் சொன்னேன். நான் பேச முடியாத நிலையில் கிடந்தாலும் நைட்ரேட் கொடுக்கப் போகிறவர் அதைப் பார்க்கவேண்டும்.