வைகைக் கரையில் நடைபாதை: சுவரா, படித்துறையா, இரண்டு அடுக்கா?

மதுரைக்குள் வைகை பெரும்பாலும் மணலும் புல்லும்தான். அணையில் அதிகமாகத் திறந்துவிட்டால் யானைக்கல் தரைப்பாலமே மூழ்கிவிடும். இப்படித் திடீரென்று நிறையும் ஆற்றோரத்தில் நடைபாதை போட மூன்று வழிகள். கரை, படுகையிலிருந்து 4 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம்.

நேர்ச்சுவர் எழுப்பி மேலே நடப்பதுதான் இடத்தை மிச்சப்படுத்துவது. நடப்பவர் கால் நனையாது. ஆனால் தவறி விழுந்தவருக்குப் பிடிக்க எதுவுமில்லை. ஆங்காங்கே ஏறிவரப் படியோ ஏணியோ கட்டாயம் வேண்டும். இன்னொரு சிக்கல் வெள்ளம் வடியும்போது வரும். ஆறு சட்டென்று இறங்கிவிடும், சுவருக்குப் பின்னால் மண்ணில் ஊறிய நீர் அவ்வளவு வேகமாக இறங்காது, அந்த நீர் சுவரைத் தள்ளும். அது வெளியேறச் சுவரில் விட்ட துளைகள் மண்ணும் குப்பையும் அடைத்துக் கிடந்தால், சுவர் ஆற்றுப்பக்கம் சாயத் தொடங்கும். மேலே நடைபாதையில் சுவருக்கு இணையாக நீளமான விரிசல் தெரிந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

படித்துறைக்கு, ஒரு படி 15 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம் என்றால், 27 படிகள், 8 மீட்டருக்கு மேல் அகலம். நடுவில் தளம் விட்டால் இன்னும் கூடும். தண்ணீர் ஏற ஏற ஆட்கள் பின்வாங்கலாம், விழுந்தவரும் ஏறி வரலாம். நம் ஊர்க்காரர்களுக்கு இது பழகிய ஏற்பாடும்கூட. ஆனால் வெள்ளம் வடிந்ததும் வண்டலும் பாசியும் படியில் ஒட்டிவிடும். கழுவாமல் திறந்துவிட்டால் வழுக்கும். சித்திரைத் திருவிழாவில் கூட்டம் மேலிருந்து நெருக்கும்போது கீழே நிற்பவருக்கு ஒதுங்க இடமிருக்காது. 2022-இல் அழகர் ஆற்றில் இறங்கியபோது நெரிசலில் இருவர் இறந்தார்கள். கூட்டத்தைப் பிரிக்கக் கம்பி வேண்டும். நிரந்தரமாக வைத்தால் வெள்ளத்தில் ஆகாயத்தாமரை சிக்கிக் கம்பியையே பெயர்த்துவிடும். குழிக்குள் செருகிக் கழற்றுகிற மாதிரி வைப்பது நல்லது. சக்கர நாற்காலிக்கு 1-க்கு 12 சாய்வு என்றால் 48 மீட்டர் நீளம் தனியாக வேண்டும். திட்டத்திலிருந்து இதைத்தான் முதலில் வெட்டிவிடுவார்கள்!

இரண்டு அடுக்கில் மேல்பாதை எப்போதும் திறந்திருக்கும், கீழ்ப்பாதை வெள்ளத்தில் மூழ்கட்டும் என்றே விடப்படும். கீழ்ப்பாதை ஆற்றுப்பக்கம் லேசாகச் சரிந்திருந்தால் வண்டலைத் தள்ளிக் கழுவலாம். விளக்கு, மின்பெட்டி எதுவும் கீழே இருக்கக்கூடாது. சரி, எப்போது மூடுவது? வைகை அணை 66 அடியை எட்டினால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது. முதல் எச்சரிக்கையிலேயே கீழ்ப்பாதையின் கதவைப் பூட்டிவிடலாம். ஆனால் மஞ்சளாறும் மருதாநதியும் அணைக்குக் கீழேதான் வைகையில் சேருகின்றன. அங்கே கொட்டும் மழையை அணையின் அளவு காட்டாது. அதனால் நகருக்குள் பாலத்தூணில் ஓர் அளவுகோல் வேண்டும், அதைப் பார்த்துக் கதவை மூட ஓர் ஆளும் வேண்டும்.

என்னைக் கேட்டால், திருவிழாக் கூட்டம் இறங்கும் இடங்களில் படித்துறை, இடம் நெருக்கடியான மற்ற பகுதிகளில் ஏறுபடி வைத்த சுவர். கதவுக்குப் பொறுப்பான ஆளைப் போட மாநகராட்சி ஒத்துக்கொள்ளும்வரை இரண்டு அடுக்கு வேண்டாம்.