ஏழு வருட இடைவெளிக்குப் பின்: டெஸ்டிங் சான்றிதழா, கிளவுட் சான்றிதழா?

மகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் திரும்ப வேலைக்குப் போக முடிவெடுத்தேன். முன்னால் இரண்டு சான்றிதழ்கள் இருந்தன: ஐஎஸ்டிக்யூபி அமைப்பின் அடிப்படை நிலை மென்பொருள் டெஸ்டிங் தேர்வு, அமேசானின் கிளவுட் பிராக்டிஷனர் தேர்வு. அவள் பிறப்பதற்கு முன் மூன்று வருடம் மேனுவல் டெஸ்டராக இருந்தவள் நான். டெஸ்டிங்கைத்தான் எடுத்தேன், அதனால் என் தராசு கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

தேர்வு என்று பார்த்தால் இரண்டும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைதான். டெஸ்டிங்கில் 60 நிமிடத்தில் 40 கேள்விகள், 26 சரியானால் தேர்ச்சி. கிளவுடில் 90 நிமிடத்தில் 65 கேள்விகள். அந்தச் சான்றிதழ் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும், டெஸ்டிங் அடிப்படை நிலைக்குக் காலாவதியே இல்லை. வேலை எப்போது கிடைக்கும் என்று தெரியாதவளுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது வேறு. படித்ததை நேர்காணலில், ஒரு வெள்ளைத்தாளில், செய்து காட்ட முடியுமா? முதல் நேர்காணலில் அதுதான் நடந்தது. "ஏழு வருஷம் இடைவெளி இருக்கே?" என்றார் நேர்காணல் எடுத்தவர். "குழந்தையைப் பார்த்துக்கொண்டேன், இப்போது சான்றிதழ் முடித்திருக்கிறேன்" என்று இரண்டு வரியில் நிறுத்திக்கொண்டேன். அவரும் நீட்டவில்லை. பேனாவை என் பக்கம் தள்ளி, "வயது 18 முதல் 60 வரை ஏற்கும் ஒரு பெட்டி. எப்படிச் சோதிப்பீங்க?" என்றார்.

17, 18, 60, 61 என்று எழுதினேன். ஏன் இவை மட்டும் என்றார். நிரல் எழுதுபவர் `age >= 18` என்பதற்குப் பதில் `age > 18` என்று போட்டிருந்தால் 35 கொடுத்துப் பார்த்தால் பிழை தெரியாது, 18 கொடுத்தால்தான் மாட்டும் என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். தொண்டை வறண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காலிப் பெட்டி, எழுத்துகள், 18.5 எல்லாம் ஞாபகம் வந்தன. எல்லை மதிப்புகளைச் சொல்லிவிட்டுத் தவறான வகை உள்ளீடுகளை மறப்பது பழைய பழக்கம், வீட்டில் பயிற்சி செய்யும்போதும் இதே இடத்தில்தான் விட்டிருக்கிறேன்.

கிளவுட் பாடத்தைப் பாதியில் விட்டவள் நான், அந்தப் பக்கத்து நேர்காணல் பற்றிச் சொன்னால் கேள்விஞானம்தான். படித்த பாதியில் பெரும்பாலும் எந்தச் சேவை எதற்கு, கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும் என்பதுதான் இருந்தது. ஏற்கெனவே சர்வர் நிர்வாகத்தில் இருந்தவருக்கு அது பழைய வேலையின் சரியான தொடர்ச்சியாக இருக்கலாம். எனக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை.

டெஸ்டிங் சான்றிதழிலும் ஓட்டை உண்டு. அடிப்படை நிலை ஆட்டோமேஷனைத் தொட்டுவிட்டுப் போகிறது, ஸ்கிரிப்ட் எழுதக் கற்றுத் தருவதில்லை. கிளம்பும்போது அவர் கடைசியாகக் கேட்டது அதைத்தான்: "செலினியம் தெரியுமா?" உலாவியை ஸ்கிரிப்டால் தானாக இயக்கும் அந்தக் கருவி தெரியாது என்றேன். அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். மகள் தூங்கிய பிறகு லாகின் பக்கம் ஒன்றுக்கு ஸ்கிரிப்ட் எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் பட்டனைக் கண்டுபிடிக்காமல் அடம்பிடிக்கிறது.