மேனேஜரின் சாட் மெசேஜைத் திருத்தி எழுதுவது: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் மேனேஜர் நேரில் பேசுவதைவிட சாட்டில் பேசுவது அதிகம். டீமில் யாருக்காவது குறை சொல்ல வேண்டியிருந்தால், டீம் லீட் என்ற முறையில் அந்த மெசேஜ் முதலில் எனக்கு வரும். "கொஞ்சம் பாத்து சரி பண்ணிக் குடு" என்பார். சில வருடங்களாக இதற்கு எஸ்.பி.ஐ. என்ற முறையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பேங்க் இல்லை. சிச்சுவேஷன், பிஹேவியர், இம்பாக்ட், அதாவது சூழல், செயல், விளைவு என்ற மூன்றையும் வரிசையாகச் சொல்வது. சென்டர் ஃபார் க்ரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமெரிக்கப் பயிற்சி நிறுவனம் உருவாக்கியது. பயிற்சி வகுப்பில் இதை நேரில் பேசுவதற்குச் சொல்லித் தருகிறார்கள். சாட்டுக்கு அப்படியே எடுத்துப் போட்டால் வேலைக்கு ஆகாது. அதனால் எங்கே மாற்ற வேண்டியிருந்தது என்பதைச் சொல்கிறேன்.

அதற்கு முன் சாண்ட்விச் முறைதான். மேலே பாராட்டு, நடுவில் குறை, கீழே பாராட்டு. மேனேஜர் தானாக எழுதினால் இன்றும் அந்த வடிவம்தான் வரும். ஒரு மாதிரி பாருங்கள்.

"தம்பி, நேத்து க்ளையன்ட் கால்ல சூப்பரா பேசின. கேட்டதுக்கெல்லாம் டக் டக்னு பதில் சொன்ன. வீக்லி ரிப்போர்ட் மட்டும் கொஞ்சம் லேட்டாகுது, முடிஞ்சா சீக்கிரம் அனுப்பப் பாரு. மத்தபடி ஆல் குட், கீப் இட் அப் 👍"

போன் லாக் ஸ்க்ரீனில் இந்த மெசேஜின் முதல் ஓரிரு வரிதான் தெரியும். அதில் இருப்பது 'சூப்பரா பேசின'. முழுசாகத் திறந்தாலும் குறை நடுவில், 'மட்டும்', 'கொஞ்சம்', 'முடிஞ்சா' என்று மூன்று மெத்தை போட்டுப் படுத்திருக்கிறது. இதற்கு வரும் பதில் "தேங்க்யூ அண்ணா 🙏". அடுத்த வாரமும் ரிப்போர்ட் லேட். "நான்தான் சொல்லிட்டேனே" என்று மேனேஜருக்குக் கோபம். அவர் சொன்னது உண்மைதான், அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. 2018இல் வெளியான ஒரு ஆய்வும் இதையே காட்டியது: குறையைத் தெளிவாகச் சொல்லிவிட்டோம் என்று மேலாளர்கள் நம்புகிறார்கள், கேட்டவர்களோ தங்கள் வேலையைப் பற்றி மேலாளர் நினைத்ததைவிட நல்லபடியாகவே புரிந்துகொள்கிறார்கள்.

திருத்த உட்காரும்போது முதலில் மெசேஜைத் தொடுவதில்லை. மேனேஜரிடம் ஒரே கேள்வி கேட்பேன்: "இதைப் படிச்சிட்டு அடுத்த வாரம் அவன் என்ன வேற மாதிரி செய்யணும்?" இந்த விஷயத்தில் வந்த பதில்: "வெள்ளி காலைல 10 மணிக்கு க்ளையன்ட் கால். இவன் ரிப்போர்ட்டைப் பத்தே காலுக்கு அனுப்புறான். நான் போன வார நம்பரை வச்சுக்கிட்டு முழிக்கிறேன். வியாழன் சாயங்காலமே வேணும்." சொல்ல வந்தது மொத்தமும் இதுதான். மெசேஜில் இதில் ஒரு துளியாவது இருக்கிறதா பாருங்கள். முக்கிய விஷயம் திருத்தும்போது தொலைவதில்லை, பெரும்பாலும் எழுதும்போதே ஏறியிருக்காது.

அடுத்தது சரிபார்ப்பது. "எப்பவுமே லேட்" என்றார். மெயில் நேரத்தைப் பார்த்தால் கடைசி இரண்டு வாரம்தான் தாமதம், அதற்கு முன் ஒழுங்காக வந்திருக்கிறது. 'எப்பவுமே' என்று போயிருந்தால் பேச்சு ரிப்போர்ட்டை விட்டுவிட்டு அந்த ஒரு வார்த்தையைப் பற்றிய சண்டையாகியிருக்கும். அதேபோல அவர் சொல்லாத எதையும் நான் சேர்ப்பதில்லை. "க்ளையன்ட் கோபமா இருக்காங்க" என்று எழுதினால் அழுத்தம் கூடும்தான், ஆனால் க்ளையன்ட் அப்படி எதுவும் சொல்லவில்லையே.

கடைசியில் போனது இது:

"தம்பி, வீக்லி ரிப்போர்ட் பத்தி ஒரு விஷயம். கடைசி ரெண்டு வாரமும் வெள்ளிக்கிழமை கால் ஆரம்பிச்ச பிறகுதான் வந்துச்சு. நான் பழைய நம்பரை வச்சுப் பேச வேண்டியதாப் போச்சு. இனிமே வியாழன் 5 மணிக்குள்ள எனக்கு வேணும். அதுல ஏதாவது சிக்கல் இருந்தா சொல்லு.

நேத்து கால்ல ரீஃபண்ட் ஏன் லேட்டுன்னு கேட்டப்போ, டிக்கெட் நம்பரோட காரணம் சொன்ன பாரு, அதுக்கப்புறம் அவங்க அந்தப் பேச்சையே எடுக்கல. கேள்வி வந்தா இப்படியே பதில் சொல்லு."

குறை முதல் வரியிலேயே வந்துவிட்டது. பாராட்டு கீழே போனாலும் சின்னதாகவில்லை. 'சூப்பர்' போய், அவன் என்ன செய்தான், அதனால் என்ன நடந்தது என்று வந்திருக்கிறது. எஸ்.பி.ஐ.யைக் குறைக்கு மட்டும் பயன்படுத்திவிட்டுப் பாராட்டை 'குட் ஜாப்' என்று விட்டால், பாராட்டு வெறும் மயக்க ஊசி என்று ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் 'ஆனா' போடாததும் வேண்டுமென்றேதான். அது வந்தால் ஒன்று மற்றொன்றை அடித்துவிடும். பாராட்டை மொத்தமாக எடுத்துவிடுவதும் உதவாது, காலில் நன்றாகப் பேசியதும் நடந்த விஷயம்தானே.

இரண்டு பத்தியையும் தனித்தனி மெசேஜாக அனுப்பிப் பார்த்ததும் உண்டு. பாராட்டுக்கு ஒரு ஹார்ட் விழும், மேலே இருக்கிற மெசேஜ் பதில் இல்லாமல் கிடக்கும். இப்போது ஒரே மெசேஜ், நடுவில் ஒரு வெற்று வரி. பாராட்டை அன்றைக்கே தனியாகச் சொல்லிவிட முடிந்தால் அதுதான் சிறந்தது. சமநிலை என்றால் ஒரே மெசேஜில் இரண்டும் இருந்தாக வேண்டும் என்று அர்த்தமில்லை.

எனக்குப் பிடிபட நாள் ஆன விஷயம் தொனி. 'தம்பி, நீ' என்று பேசுகிறவர் திடீரென்று 'நீங்கள்', 'தங்கள் ரிப்போர்ட்' என்று எழுதினால், மரியாதை கூடியதாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. 'சார் பயங்கர கோபத்தில் இருக்கார்' என்றுதான் படிப்பார்கள். அல்லது ஹெச்.ஆர். எழுதிக் கொடுத்தது என்று சந்தேகப்படுவார்கள். அதனால் வரிசையை மட்டும் மாற்றுகிறேன், அவர் பேச்சு அவர் பேச்சாகவே இருக்கட்டும். அவர் எழுத்துப் பிழையைக்கூட சில சமயம் விட்டுவிடுவேன்.

மெசேஜ் பலித்ததா என்பது பதிலில் தெரியும். நன்றியோ 'ஓகே'யோ மட்டும் வந்தால் போய்ச் சேரவில்லை. பதிலில் ஒரு நேரமோ ஒரு தடையோ இருந்தால் சேர்ந்துவிட்டது. இந்தப் பையனிடமிருந்து வந்தது: "அண்ணா, எனக்கே டேட்டா வியாழன் ராத்திரி 9 மணிக்குத்தான் வருது. ரெண்டு வாரமா அங்க ஷிஃப்ட் மாத்திட்டாங்க." மேனேஜருக்கு இது தெரியவே தெரியாது. அப்புறம் டேட்டா டீமிடம் பேசி நேரத்தை மதியத்துக்கு மாற்றினார். 'ஆல் குட்' என்று முடிகிற மெசேஜுக்கு யாரும் இப்படிப் பதில் போடமாட்டார்கள்.

இந்த முறை கைகொடுக்காத இடங்களும் உண்டு. மூன்று குறையை ஒன்றாக அனுப்பச் சொன்னால் எவ்வளவு திருத்தினாலும் குற்றப்பத்திரிகை போலத்தான் இருக்கும். ஒன்றை மட்டும் எடுக்கச் சொல்லி அடம்பிடிப்பேன். 'அட்டிட்யூட் சரியில்லை' என்பதை எஸ்.பி.ஐ.யில் வைக்கவே முடியாது. "எந்த மீட்டிங்ல, என்ன செஞ்சான்?" என்று கேட்டுப் பதில் வரவில்லையென்றால் மெசேஜ் போகக் கூடாது. ஏற்கெனவே சொல்லியும் மாறாத விஷயம், வேலைக்கே ஆபத்தான விஷயம் என்றால் சாட்டே வேண்டாம், போன் போட்டுப் பேச வேண்டும்.

நேர விஷயத்தில், ஒரு மெசேஜுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. அதில் பாதி மேனேஜரிடம் கேள்வி கேட்பதில் போகும். அவர் அவசரத்தில் இருந்தால் எரிச்சல்படுவார். ஆனால் அப்ரைசல் சமயத்தில் சாட்டில் தேடும்போது அவரே இந்த மெசேஜ்களைத்தான் எடுக்கிறார். எந்த வாரம், என்ன நடந்தது, அதன் பிறகு மாறியதா என்பதெல்லாம் அதில் இருக்கிறது. 'கீப் இட் அப்' என்று தேடினால் ஆளுக்கு இருபது வரும், ஒன்றிலும் எழுதிக்கொள்ள எதுவும் இருக்காது.