பேப்பருக்குக் கிலோ 18 ரூபாய் என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

போன வாரம் அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கே வந்து பழைய சாமான் எடுக்கும் ஒரு சேவையிடம் ஏமாந்தோம். தெருமுனைக் காயலான் கடையில் பேப்பருக்குக் கிலோ 14 ரூபாய். இவர்கள் போனில் 18 என்றார்கள். அந்த நாலு ரூபாய்க்கு ஆசைப்பட்டுத்தான் வரச் சொன்னோம்.

அப்பா இரண்டிரண்டு மாதப் பேப்பரை ஒரே உயரத்தில் கட்டி வைப்பார். வந்த தம்பி மூன்று கட்டுகளைக் கையிலிருந்த டிஜிட்டல் கொக்கித் தராசில் மாட்டினான். ஒவ்வொன்றும் 8 கிலோ காட்டியது. 24 கிலோவுக்கு 432 ரூபாய் கொடுத்தான். கட்டிலுக்கு அடியில் இருந்த நாலாவது கட்டை எல்லோரும் மறந்துவிட்டோம். மறுநாள் அதைக் காயலான் கடைக்குக் கொண்டுபோனேன். மேடைத் தராசில் 11.5 கிலோ! மூன்று கட்டுக்கும் அங்கேயே 483 ரூபாய் கிடைத்திருக்கும்.

அந்த மாதிரித் தராசில் பட்டனை அழுத்தி, 10 கிலோ எடையை 7 கிலோ என்று பதிய வைத்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். வெறும் கொக்கியில் பூஜ்யம் சரியாகத்தான் காட்டும். அதனால் பூஜ்யத்தைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். வீட்டில் பிரிக்காத 5 கிலோ அரிசிப் பை இருந்தால் முதலில் அதை மாட்டச் சொல்லுங்கள். வியாபாரத் தராசுக்கு அரசு முத்திரை இருக்க வேண்டும், அதையும் கேளுங்கள். எங்களிடம் வந்த தராசில் அப்படி எதுவும் இல்லை.

பேப்பரில் போனதாவது ஐம்பது ரூபாய். குழாயில் போனதுதான் மனசு ஆறவில்லை. பாத்ரூம் மாற்றியபோது கழற்றிய ஏழு குழாய்கள் இரும்புத் துண்டுகளோடு ஒரே சாக்கில் கிடந்தன. மொத்தத்தையும் இரும்பு என்று சொல்லி, கிலோ 28 கணக்கில் 9 கிலோவுக்கு 252 ரூபாய் கொடுத்தான். சமையலறையில் மிஞ்சியிருந்த அதே மாதிரிக் குழாய் ஒன்றைக் காயலான் கடைக்காரர் அரத்தால் லேசாகத் தேய்த்தார். வெள்ளைப் பூச்சுக்குக் கீழே மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது. எடை 450 கிராம். அவர் பித்தளைக்குக் கிலோ 380 தருகிறார். அப்படியானால் அந்த ஏழு குழாய்க்கு மட்டும் கிட்டத்தட்ட 1,200 ரூபாய்.

காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் உடனே பித்தளை என்று நினைக்க வேண்டாம், மலிவான குழாய்கள் துத்தநாகக் கலவையிலும் வருகின்றன. அரம் போட்டு மஞ்சள் தெரிந்தால்தான் பித்தளை. சாக்கில் போடும் முன்பே பிரித்து வையுங்கள், தனித்தனியாக எடை போடச் சொல்லுங்கள்.

அந்தச் சேவைக்குப் போன் செய்தேன். "அம்மா முன்னாடிதானே சார் எடை போட்டோம்" என்றார்கள். அம்மா அந்தத் தம்பிக்கு மோர் கொடுத்து உட்கார வைத்திருந்தார். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன்.