ஒரு பைசா எங்கே போனது: ஸ்குவாஷ் மெர்ஜா, முழு வரலாறா?

33.35 ரூபாய் விலையில் மூன்று பொருள்கள். மொத்தம் 100.05, அதற்கு 18 சதவீத வரி 18.009, அதாவது 18.01 ரூபாய். எங்கள் மென்பொருள் அச்சிட்ட பில்லில் 18.00 என்று இருந்தது. முந்தைய வெளியீட்டில் சரியாக வந்த கணக்கு, புதிய வெளியீட்டில் ஒரு பைசா குறைந்துவிட்டது.

எல்லாப் புல் ரிக்வெஸ்ட்டுகளையும் ஸ்குவாஷ் செய்தே சேர்ப்பது எங்கள் குழுவின் வழக்கம். ஆகவே இரண்டு வெளியீடுகளுக்கும் நடுவே சுமார் 240 கமிட்டுகள்தான் இருந்தன. `git bisect run` இடைவெளியைப் பாதி பாதியாகக் குறைத்து, எட்டே சோதனைகளில் குற்றவாளியைக் காட்டியது. ஸ்குவாஷின் பலம் இதுதான்: முதன்மைக் கிளையின் ஒவ்வொரு கமிட்டும் சோதனைகளைக் கடந்து வந்தது, ஒவ்வொன்றும் பில்ட் ஆகும்.

ஆனால் அது காட்டிய கமிட்டின் தலைப்பு "பில்லிங் சீரமைப்பு (#412)". 31 கோப்புகள், 1,100 வரிகள். வரியைக் கணக்கிடும் இடத்தில் `git blame` போட்டாலும் அதே தலைப்புதான் வந்தது. எந்தத் தெரு என்று தெரிந்துவிட்டது, எந்த வீடு என்று தெரியவில்லை.

நல்லவேளையாக, கிளையை அழித்த பிறகும் கிட்ஹப் புல் ரிக்வெஸ்ட்டின் கடைசி நிலையைத் தனி ref ஆக வைத்திருக்கிறது. அதை இறக்கி, உள்ளே மீண்டும் தேடினேன்:

```
git fetch origin pull/412/head:pr412
git bisect start pr412 $(git merge-base main pr412)
```

பதினான்கு கமிட்டுகள், நான்கு சோதனைகள். ஒன்பதாவதில் சிக்கியது, மாற்றம் ஆறே வரிகள். அதைவிட முக்கியம் அதன் குறிப்பு: "வரியைப் பொருள்வாரியாக முழுமையாக்குதல், ஏற்றுமதிக் கோப்பின் கூட்டுத்தொகை இடிக்காமல் இருக்க." ஒவ்வொரு பொருளின் 6.003 ரூபாய் வரியும் 6.00 ஆனதால்தான் மொத்தம் 18.00 வந்தது. கைதவறி நடந்த பிழையல்ல, தெரிந்தே செய்த மாற்றம். இதை அறியாமல் அந்த ஆறு வரிகளைப் பழையபடி ஆக்கியிருந்தால் பில் சரியாகி, ஏற்றுமதிக் கோப்பு உடைந்திருக்கும். ஸ்குவாஷ் செய்யும்போது எல்லாக் குறிப்புகளையும் ஒரே செய்தியில் வைத்துக்கொள்ள வழி உண்டு. பெரும்பாலோரைப் போல, சேர்த்தவர் அந்தப் பெட்டியைக் காலி செய்துவிட்டார்.

இந்த மீட்பை நம்பியே காலம் தள்ள முடியாது. கிட்ஹப் வைத்திருக்கும் அந்த ref சாதாரணமாக நகலெடுத்த களஞ்சியத்தில் வராது. வேறு தளத்துக்கு மாறினால் அது கூடவே வரும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் முழு வரலாற்றையும் வைத்திருப்பதில் சிக்கலே இல்லையா? உண்டு, ஆனால் பலர் நினைக்கும் இடத்தில் இல்லை. 240 கமிட்டுகளுக்குப் பதில் 1,500 இருந்தாலும் தேடல் எட்டிலிருந்து பதினொரு சோதனைகளாகும், அவ்வளவுதான். உண்மையான தொல்லை "தற்காலிகம்", "இன்னொரு முயற்சி" என்ற பெயரில் கிடக்கும், பில்டே ஆகாத கமிட்டுகள். சோதனை ஸ்கிரிப்ட் 125 என்ற எண்ணோடு முடிந்தால் bisect அவற்றைத் தாண்டிப்போகும். ஆனால் பிழை பிறந்த இடத்திலேயே இப்படி நாலைந்து அடுத்தடுத்து இருந்தால், "இவற்றுள் ஏதோ ஒன்று" என்று சொல்லிக் கையை விரித்துவிடும். அந்த நிலையில் முழு வரலாறு ஸ்குவாஷைவிடப் பெரிதாக எதையும் தந்துவிடாது.

வரலாறு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஸ்குவாஷைத் தேர்ந்தெடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மெர்ஜ் கமிட்டோடு சேர்த்தாலும் `git log --first-parent` புல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒரு வரிதான் காட்டும். கிட் 2.29 முதல் bisect கட்டளைக்கும் இந்த வசதி உண்டு: முதல் சுற்றில் மெர்ஜைக் கண்டுபிடிக்கலாம், இரண்டாவது சுற்றில் அதற்குள் இறங்கலாம். இறங்குமுன் கிளையின் நுனியை, அதாவது அந்த மெர்ஜ் கமிட் M என்றால் `M^2`-ஐ, தனியே சோதிப்பது நல்லது. அது சரியாக ஓடினால் பிழை கிளைக்குள் இல்லை. இரண்டு பக்கமும் சேர்ந்த இடத்தில் பிறந்திருக்கிறது.

பின்வாங்கும்போது மட்டும் ஸ்குவாஷுக்கே என் வாக்கு. ஒரே `git revert` போதும். மெர்ஜ் கமிட்டுக்கு `-m 1` கொடுக்க வேண்டும். பிறகு அதே கிளையைத் திருத்தி மறுபடி சேர்த்தால் பழைய மாற்றங்கள் திரும்பி வருவதில்லை, அவை ஏற்கெனவே சேர்ந்தவை என்று கிட் எண்ணுகிறது. முதலில் அந்தப் பின்வாங்கலையே பின்வாங்க வேண்டும்.

இப்போது எங்கள் குழுவில் ஒரே நோக்கமுள்ள சிறு மாற்றங்களை ஸ்குவாஷ் செய்கிறோம். #412 போன்ற பெரியவற்றை `git rebase -i` கொண்டு, ஒவ்வொரு கமிட்டும் பில்ட் ஆகும்படி ஒழுங்குபடுத்தி, மெர்ஜ் கமிட்டோடு சேர்க்கிறோம். அந்த ஒரு பைசாவுக்கு வருவோம்: வரியை மொத்தத்தின் மேலேயே முழுமையாக்கி, மிச்சத்தைக் கடைசிப் பொருளின் கணக்கில் சேர்த்தோம். ஏற்றுமதிக் கோப்பும் இடிக்கவில்லை.