விகுதி விதியா, வாக்கியத்தை மாற்றி எழுதுவதா?

ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல் தெரிந்தால் அதன் பெயர்ச்சொல்லையும் பெயரடையையும் பிடிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று விகுதிகளைப் பட்டியல் போட்டுப் படிப்பது. இன்னொன்று ஒரே வாக்கியத்தை மூன்று விதமாக மாற்றி எழுதுவது. இரண்டையும் செய்து பார்த்துவிட்டேன், என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

முதலில் விகுதி விதி. டிசைட் டிசிஷன் ஆகிறது, டிவைட் டிவிஷன், கொலைட் கொலிஷன், ப்ரொவைட் ப்ரொவிஷன். அழகான வரிசை. ஆனால் அதே ஓசையில் முடியும் கைட் கைடன்ஸ் ஆகிவிடுகிறது. பெயரடைக்கு வந்தால் இன்னும் தடுமாற்றம். டிசைசிவ், டிவைசிவ் என்று போகும் வரிசை ப்ரொவைடில் நின்றுவிடும், அங்கே இருப்பது ப்ரொவிஷனல், அதற்குப் பொருளோ 'தற்காலிகமான' என்பது. தமிழிலும் இப்படித்தானே? வளர், வளர்ச்சி என்று சொல்லும் நாம் அறி என்பதை அறிச்சி ஆக்குவதில்லை, அறிவு என்கிறோம். செல் என்பதிலிருந்து வந்த செலவு இன்று பெரும்பாலும் பணம் செலவாவதைத்தான் குறிக்கிறது.

ஆகவே விகுதி விதி படிக்கும்போது உதவும், எழுதும்போது ஏமாற்றும். தெரியாத சொல் 'ஷன்' என்று முடிந்தால் பெரும்பாலும் பெயர்ச்சொல் என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

சரி, வாக்கியத்தை மாற்றுவது எப்படி? "தி கமிட்டி டிசைடட் குவிக்லி" என்று எழுதுங்கள். இதையே டிசிஷன் வைத்து எழுதப் போனால் ஒரு வினை தேவைப்படும். நாம் 'முடிவு செய்தோம்' என்று பழகியவர்கள், அதனால் கை தானாக 'டிட் எ டிசிஷன்' என்று எழுதும். அது தவறு, மேட் எ டிசிஷன் என்பது சரி. கூடவே குவிக்லி என்பது குவிக் ஆகும்: "தி கமிட்டி மேட் எ குவிக் டிசிஷன்". இந்த இரண்டு மாற்றங்களும் எந்த விகுதிப் பட்டியலிலும் வராது.

அப்புறம் டிசைசிவ். "தி கமிட்டி வாஸ் டிசைசிவ்" என்றால் பொருளே நகர்ந்துவிடுகிறது, தயங்காமல் முடிவெடுக்கும் குணம் கொண்ட குழு என்று ஆகிறது. டிசைசிவ் ஓட் என்றாலோ முடிவைத் தீர்மானித்த ஓட்டு. எதிர்ச்சொல்லிலும் கவனம் வேண்டும்: அன்டிசைடட் என்பவர் இந்த ஒரு விஷயத்தில் இன்னும் முடிவெடுக்காதவர், இன்டிசைசிவ் என்பவர் எதிலும் முடிவெடுக்கத் திணறுபவர். வேலைக்கான நேர்காணலில் அன்டிசைடட் என்பதற்குப் பதில் இன்டிசைசிவ் என்று சொன்னால் உங்கள் குணத்தையே நீங்கள் குறை சொன்னது போலாகிவிடும்.

இந்த வழியில் வேகம் குறைவு, ஒரு சொல்லுக்கு மூன்று நான்கு வாக்கியங்கள் எழுத வேண்டும், எழுதியது சரியா என்று அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு ஒப்பிடவும் வேண்டும். நீங்கள் உருவாக்கிய வடிவம் அகராதியில் இல்லவே இல்லை என்றால் அநேகமாக விதியை நம்பி நீங்களே செய்த சொல் அது. அடித்துவிட்டு அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள்.