நாற்றுக்கு ஷேடு நெட்: 50-ஆ 75-ஆ, பச்சையா கறுப்பா வெள்ளையா?

மதுரையில் வலைக் கடைக்குப் போய் நாற்றுக்கு ஷேடு நெட் வேண்டும் என்று சொன்னால், பெரும்பாலும் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் எடுத்துப் போடுவது பச்சை 75. 50 போதாதா என்று கேட்டால், "கத்திரி வெயில்ல அம்பதை வச்சு என்னண்ணே செய்யப் போறீங்க?" என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வலையில் போட்டிருக்கும் எண் வெயிலின் சூட்டுக்கான கணக்கு இல்லை, வெளிச்சத்துக்கான கணக்கு. 75 என்றால் வெளிச்சத்தில் முக்கால் பங்கை மறிக்கிறது, கால் பங்கை உள்ளே விடுகிறது. சூடு அதே விகிதத்தில் குறையாது.

வாடிப்பட்டிப் பக்கம் குழித்தட்டில் மிளகாய் நாற்று விடுகிறவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜூனில் நடுவதற்கு மே மாதம் கத்திரிக்குள் விதைக்கிறார். அப்புறம் ஐப்பசி நடவுக்கு இன்னொரு சுற்று. அந்த நாற்றின் பாதி வயது அடைமழை மூட்டத்தில் போகும். இரண்டு சுற்றுக்கும் மேலே இருப்பது ஒரே வலை. இந்த இரண்டு பருவத்திலும் எந்த வலை தாங்கும் என்பதுதான் கேள்வி.

முதலில் அடர்த்தி. மே மாத நண்பகலில் மதுரை வெட்டவெளியில் வெளிச்சம் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் இருக்கும். 50 வலைக்குக் கீழே 50,000, 75-க்குக் கீழே 25,000. இது உச்சிப்பொழுதுக் கணக்கு. காலை, மாலையைச் சேர்த்துப் பகல் முழுக்கச் சராசரி பார்த்தால் இதில் பாதிக்குச் சற்று மேல்தான் தேறும். மிளகாய், தக்காளி, கத்தரி நாற்று தண்டு தடித்து வளர அந்தச் சராசரி 15,000 லக்ஸுக்குக் கீழே போகக் கூடாது. 50-இல் சராசரி 30,000 வரும், தாராளம். 75-இல் 15,000 பக்கம்தான் நிற்கும், அதுவும் வலை புதிதாக இருந்தால். ஒரு கோடை முழுக்க ரோட்டுப் புழுதி படிந்த வலை அதில் இன்னும் கொஞ்சத்தைத் தின்றுவிடும்.

ஐப்பசிக்கு வருவோம். நல்ல மூட்டம் போட்ட நாளில் வெட்டவெளியிலேயே உச்சிப்பொழுதில் 25,000 லக்ஸ்தான் கிடைக்கும். 50-க்குக் கீழே 12,000 ஆகிவிடும். 75-க்குக் கீழே 6,000. இதில் நாற்று வளராது, நீளும். அதை அடையாளம் காண்பது சுலபம். வித்திலைக்கும் முதல் இலைக்கும் நடுவே தண்டு நூல் மாதிரி நீண்டிருக்கும். இலை வெளிறி, மெல்லிசாக இருக்கும். பூவாளியில் தண்ணீர் தெளித்ததும் தட்டு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து, அப்புறம் நிமிர அரை நாள் எடுக்கும். வேரோடு உருவினால் நார்க்கழிவு உருண்டையாக வராமல் உதிரும், ஏனென்றால் வேர் பின்னவே இல்லை. கூடவே தட்டு காயாமல் ஈரம் நிற்பதால் நாற்றழுகல் வரும். அதை மருந்தால் மட்டும் நிறுத்த முடியாது, மேலே வெளிச்சம் இல்லாத வரைக்கும் திரும்பத் திரும்ப வரும்.

வெளிச்சம் கூடிப்போனாலும் அடையாளம் உண்டு. தட்டின் ஓரக் குழிகள் மட்டும் முதலில் காயும், இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு பழுப்பேறும், மத்தியானம் வாடியது மாலையிலும் தெளியாது. ஆனால் 50 வலைக்குக் கீழே இவ்வளவு ஆவது கத்திரியில் பத்து பதினைந்து நாள்தான். அந்தப் பதினைந்து நாளுக்காக வருஷம் முழுக்க 75-ஐ மாட்டி வைப்பதுதான் இங்கே நடக்கிறது.

அந்த நாட்களுக்கு வேறு வழி உண்டு. 50 வலைக்கு மேல் இன்னொரு 50 வலையைப் போட்டால் 100 ஆகாது, 75 ஆகும். முதல் வலை பாதியை விடுகிறது, இரண்டாவது அந்தப் பாதியில் பாதியை விடுகிறது. அதனால் கொட்டகைக்கு நிரந்தரமாக ஒரு 50, அதற்கு ஓர் அடி கீழே கம்பியில் வளையம் கோத்துத் திரைச்சீலை மாதிரி இழுத்து மூடும் இன்னொரு 50. காலை 11 மணிக்கு இழுத்து, 3 மணிக்குத் திறந்துவிட்டால் போதும். ஐப்பசியில் உள்திரையைக் கழற்றி மடித்து வைக்கலாம். மூட்டம் நீடித்தால் மேல்வலையையும் ஒரு பக்கமாகச் சுருட்டலாம். 75-ஐ வாங்கியவருக்கு இந்த வசதி கிடையாது. செலவு கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு சுற்று நாற்று நீண்டுபோய் வாங்க ஆளில்லாமல் கிடந்தால் அதற்கு ஆகும் செலவு இதைவிட அதிகம்.

சூட்டைப் பொறுத்தவரை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் காற்றின் வெப்பம் வெளியைவிட ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும். (தெர்மாமீட்டர் மேல் நேர்வெயில் படாமல் வைத்துத்தான் பார்க்க வேண்டும், இல்லையென்றால் அது வெயிலைத்தான் காட்டும்.) நன்றாகக் குறைவது இலையின் சூடும், கறுப்புக் குழித்தட்டின் சூடும். நாற்றுக்கு வேண்டியதும் அதுதான். ஆடு மாடு வரும், ஆடிக்காற்று அடிக்கும் என்று நாலு பக்கமும் அதே 75 பச்சையைக் கீழ்வரை இறக்கிப் பெட்டி மாதிரி அடைத்துவிட்டால், உள்ளே வெளியைவிடச் சூடு கூடும். அடர்த்தி ஏற ஏற வலைக்கண் சிறுத்துக் காற்று உள்ளே புகுவதும் குறையும். 75-ஐ ஆறடி உயரத்தில் கட்டியவர் வெக்கை தாங்கவில்லை என்று 90-க்குப் போவதை நானே பார்த்திருக்கிறேன். அவர் செய்ய வேண்டியிருந்தது வலையைப் பத்தடிக்கு ஏற்றுவது.

உயர்த்தினால் ஒரு சங்கடம் வரும். மதுரையில் சித்திரை மாதம் பிற்பகல் மூன்றேகால் மணி வாக்கில் சூரியன் 45 டிகிரிக்கு இறங்கியிருக்கும். அப்போது பத்தடி உயர வலையின் நிழல் பத்தடி கிழக்கே தள்ளி விழும், மேற்கு ஓரத்துத் தட்டுகள் வெயிலில் கிடக்கும். மேற்குப் பக்கம் மட்டும் மேலிருந்து ஐந்தாறு அடிக்கு வலையைத் தொங்கவிட்டு, அடியில் காற்றுக்கு இடம் விட்டு, ஓரத்தில் மூன்று நாலு அடி காலியாக வைத்தால் சரியாகிவிடும்.

இனி நிறம். கறுப்பு எல்லா நிற ஒளியையும் ஒரே அளவில் மறிக்கும், அதனால் அதன் எண்ணை அப்படியே நம்பலாம். ஆனால் மறிக்கும் வெயிலைத் தானே குடித்துக்கொள்கிறது. மதியம் ஒரு மணிக்கு வலையைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். அந்தச் சூட்டில் ஒரு பங்கைக் கீழே நாற்றின் மேல் வீசும். பத்தடி உயரத்தில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். தலைக்கு மேலே ஓர் அடியில் கட்டியிருந்தால் கறுப்பு வேண்டவே வேண்டாம்.

பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, அதுதான் அதன் வியாபார பலம். செடிக்கு அது பெரிய உபகாரம் செய்வதில்லை. பச்சை வலை, செடி அதிகம் பயன்படுத்தும் சிவப்பிலும் நீலத்திலும் நிறையப் பிடித்துக்கொண்டு, செடி அவ்வளவாகப் பயன்படுத்தாத பச்சையையும், சிவப்புக்கு அப்பால் உள்ள ஒளியையும் கூடுதலாக உள்ளே விடுகிறது. மர நிழலில் இருக்கும் ஒளியும் இதே மாதிரிதான். பக்கத்தில் வேறு செடி மறைக்கிறது என்று எண்ணி நாற்று மேலே எட்டிப் பார்க்கும், அதாவது நீளும். ஆகவே 75 பச்சை என்பது நாற்றை இரண்டு வழியில் நீட்டுகிறது, வெளிச்சக் குறைவாலும் ஒளியின் நிறத்தாலும். 50 பச்சையில் இது கவலைப்படும் அளவுக்கு இருக்காது. கறுப்பு நூலும் பச்சை நூலும் கலந்த வலை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

வெள்ளைதான் என் கட்சி. வெயிலைக் குடிக்காமல் ஒரு பங்கைத் திருப்பி அனுப்புகிறது, உள்ளே விடுவதைச் சிதறடித்து விடுகிறது. நிழலுக்குக் கூர்மையான விளிம்பு இருக்காது, கீழ் இலைக்கும் பக்கவாட்டில் வெளிச்சம் போகும். அதே 50-இல் கறுப்பைவிட உள்ளே வெக்கை குறைவாகத் தெரியும். இதன் குறை அழுக்கு. நாலுவழிச் சாலை ஓரத்துத் தோட்டத்தில் ஒரே கோடையில் சாம்பல் நிறமாகிவிடும், மழைக்குப் பிறகு பாசியும் பிடிக்கும். வருஷத்துக்கு ஒரு தரமாவது தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். கடையில் இருப்பும் குறைவு, சொல்லி வைத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும். சிவப்பு வலை, வெள்ளிப் பூச்சு வலை எல்லாம் பூச்செடிப் பண்ணைக்காரர்கள் சமாசாரம், மிளகாய் நாற்றுக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எந்த நிறமானாலும் கடைக்காரர் சொல்லும் எண்ணைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. போனில் லக்ஸ் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, நல்ல வெயிலில் போனைத் தரையில் மல்லாக்க வைத்து ஒரு தரம் படியுங்கள். உடனே இரண்டடி மேலே வலைத் துண்டை விரித்துப் பிடித்து இன்னொரு தரம். போன் சொல்லும் எண் சரியாக இருக்காது, ஆனால் இரண்டுக்கும் உள்ள விகிதம் ஏறக்குறைய சரியாக வரும். வெயிலில் எண் உச்சத்தில் போய் நின்றுவிட்டால், இரண்டு தரமும் முன்கேமரா பக்கம் வெள்ளைத் தாளை மூடி அளக்கலாம். பச்சை வலைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, கண் பச்சையை அதிகமாகப் பார்க்கும். அதனால் பச்சைக்குக் கீழே செடிக்கு உண்மையில் கிடைப்பதைவிடக் கூட்டியே காட்டும்.

நாற்றைத் தாண்டிக் காய்கறிப் பாத்திக்கு வந்தால் கணக்கு மாறும். கோடையில் கொத்தமல்லி, கீரைக்கு 50 நன்றாக வரும். காய்க்கிற தக்காளி, மிளகாய்க்கு 35-க்கு மேல் போனால் செடி செழிக்கும், காய் குறையும். மல்லிகைக்கு வலையே வேண்டாம். தங்கச்சிமடத்துப் பதியனை வாங்கி வந்து பையில் தேற்றும் சில வாரங்களுக்கு மட்டும் நிழல் போதும், அப்புறம் முழு வெயில்தான் மொட்டு கட்டும். இன்னொன்று, ஷேடு நெட்டின் 50-ஐயும் பூச்சி வலையின் 50-ஐயும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பூச்சி வலையில் அது கண் நெருக்கத்தின் எண். மிளகாய்க்கு இலைச்சுருட்டைக் கொண்டுவரும் வெள்ளை ஈ, ஷேடு நெட் வழியாகத் தாராளமாக உள்ளே போகும்.

ஏற்கெனவே பச்சை 75 போட்டுவிட்டவர்கள் அதைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. விதைத்த தட்டுகளை அடுக்கி மூடி வைத்து முளை கண்டதும் பிரித்துப் பரப்புவோம் அல்லவா, அந்த முதல் வாரத்துக்கு அது பொருத்தமான வலை. கொட்டகையின் பாதியில் அதை விட்டுவிட்டு, மறுபாதிக்கு 50 வெள்ளை போட்டு, இரண்டாவது இலை வந்த தட்டுகளை அங்கே நகர்த்தினால் போதும். நடவுக்கு ஒரு வாரம் முன்பு அதிலிருந்தும் வெளியே எடுத்து, முதல் இரண்டு நாள் காலை வெயில் மட்டும், அப்புறம் முழு வெயில் என்று பழக்கிக் கொடுங்கள்.